இரண்டரை வருடத்தில் காசு திரும்பினால் போதுமா?

திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி விற்கும் சின்ன ஆலை ஒன்றின் கணக்குப் புத்தகங்களைச் சில வருடங்களாக நான்தான் எழுதி வருகிறேன். ஆலைக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். போன தை மாதம், கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடந்த ஒரு நாளில், இரண்டு விலைமனுக்களை மேசையில் போட்டார்.

"தம்பி, பழைய கொம்பிரசர் இனித் தாங்காது. இதில ஒன்று ரீகண்டிஷன். முப்பது இலட்சம். இரண்டரை வருஷத்தில காசு திரும்பிடும். மற்றது புதுசு. அறுபது இலட்சம். அது திரும்ப நாலு வருஷம் கிட்ட ஆகும். சின்னதையே எடுப்பமே?"

அவர் சொன்னது பிழையான கணக்கு அல்ல. உலகம் முழுவதும் சின்ன முதலாளிகள் இப்படித்தான் போடுகிறார்கள். போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பக் கைக்கு வரும் என்ற இந்தக் கணக்கைப் பேபேக் காலம் என்பார்கள். தமிழில் மீட்புக் காலம் என்று சொல்லலாம். ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அண்ணையிடம் இருந்ததோ வேறு கேள்வி.

முதலில், அவர் சொன்ன இரண்டரை வருடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எந்த முறையில் கணக்குப் போட்டாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: இந்த மெஷினை வாங்கினால் வருடத்துக்கு எவ்வளவு காசு மிச்சமாகும்? அந்த எண் பிழைத்தால் மேலே எந்தச் சூத்திரம் போட்டும் பயனில்லை.

கட்டி ஐஸ் ஆலையில் பெரிய உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கும். தண்ணீர் நிரப்பிய தகரக் குவளைகளை அதற்குள் இறக்கி வைப்பார்கள். கொம்பிரசர் ஓடி உப்புநீரைப் பூச்சியத்துக்குக் கீழே குளிரவைக்க, குவளைத் தண்ணீர் கட்டியாகும். கறண்ட் பில்லில் பெரும்பங்கைத் தின்பது இந்தக் கொம்பிரசர்தான். அதனால் எங்கள் கேள்வி சுருங்கியது: ஒரு தொன் ஐஸுக்கு எத்தனை யூனிட் குறையும்?

போன வருட மின் பில்களையும் விற்பனைப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, பழைய மெஷின் ஒரு தொன்னுக்கு எவ்வளவு எடுக்கிறது என்று கண்டுபிடித்தோம். இரண்டு விற்பனையாளர்களும் சொன்ன எண்களோடு ஒப்பிட்டபோது, ரீகண்டிஷன் மெஷினில் தொன்னுக்கு 18 யூனிட்டும் புது மெஷினில் 25 யூனிட்டும் குறையும் என்று வந்தது. ஆலை வருடத்துக்கு 2000 தொன் விற்கிறது. யூனிட்டுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கணக்கு விளங்கட்டும் என்று இங்கே எண்களை உருட்டித் தருகிறேன், வரியையும் தொடவில்லை.

ரீகண்டிஷன் மெஷினால் 36,000 யூனிட் மிச்சம், அதாவது 10.8 இலட்சம் ரூபாய். பழைய மெஷினுக்கு வருடாவருடம் போகும் 3 இலட்சம் திருத்தச் செலவு நிற்கும், ஆனால் இதற்கும் பராமரிப்புக்கு 1.8 இலட்சம் வேண்டும். ஆகமொத்தம் வருடத்துக்கு 12 இலட்சம். புது மெஷினால் 50,000 யூனிட், 15 இலட்சம். அந்த 3 இலட்சம் திருத்தச் செலவு இங்கேயும் நிற்கும், சேர்விஸ் ஒப்பந்தத்துக்கு 2 இலட்சம் போகும். வருடத்துக்கு 16 இலட்சம்.

இந்த இடத்தில் அண்ணை இரண்டு விஷயங்களை உள்ளே கொண்டுவரப் பார்த்தார். போன வருடம் பழைய கொம்பிரசருக்கு 4 இலட்சம் செலவழித்துத் தலைப்பகுதியைத் திருத்தினாராம். "அந்தக் காசு வீணாகிடுமே" என்றார். அது போன காசு. எதை வாங்கினாலும், வாங்காவிட்டாலும் திரும்பாது. அதனால் கணக்கில் இடமில்லை. மற்றது தேய்மானம். கணக்காளர் இலாபநட்டக் கணக்கில் வருடாவருடம் எழுதும் அந்தத் தொகை காசாக எங்கேயும் போவதில்லை. மெஷினின் விலை முழுவதையும் முதல் நாளே கழித்துவிட்டோம். தேய்மானத்தையும் கழித்தால் அதே காசை இரண்டு தரம் கழித்த மாதிரி ஆகும்.

சரி, மீட்புக் காலம். ரீகண்டிஷனுக்கு 30 இலட்சத்தை 12 ஆல் வகுத்தால் 2.5 வருடம். புதுசுக்கு 60 இலட்சத்தை 16 ஆல் வகுத்தால் 3.75 வருடம். அண்ணையின் மனக்கணக்கு சரி.

ஆனால் அவர் வாயில் வராத ஒன்று விலைமனுவின் ஓரத்தில் இருந்தது. ரீகண்டிஷன் மெஷின் நன்றாக ஓடினால் இன்னும் 4 வருடம். புதுசு 8 வருடம் ஓடும், அதற்கு அப்புறம் 6 இலட்சத்துக்காவது விற்கலாம். அப்படியென்றால் சின்ன மெஷின் தன் விலையைத் திருப்பிக் கொடுத்த பிறகு உழைத்துத் தருவது ஒன்றரை வருடம் மட்டும். பெரியது அதன் பிறகும் நாலே கால் வருடம் உழைக்கும். மீட்புக் காலம் காசு திரும்பிய அன்றோடு கண்ணை மூடிக்கொள்கிறது. பிறகு அந்த மெஷின் ஒரு நாள் ஓடினாலும் பத்து வருடம் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான்.

"அப்ப மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பம்" என்றார். சின்னது 4 வருடத்தில் 48 இலட்சம் தரும், விலை போக 18 மிச்சம். பெரியது 8 வருடத்தில் 128, விற்கும் காசு 6, மொத்தம் 134, விலை போக 74 மிச்சம். "அட, பெரிசு எங்கேயோ நிற்குதே!" இந்த 74 உண்மையானதைவிட வீங்கிய எண். எட்டாம் வருடம் வரும் 16 இலட்சத்தையும் அடுத்த வருடம் வரும் 16 இலட்சத்தையும் ஒரே தராசில் போட்டிருக்கிறோம். சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மாதமே சீட்டை எடுக்க வேண்டுமென்று ஏன் கழிவு விட்டுக்கூட எடுக்கிறார்கள்? இன்று கையில் வரும் காசு, பின்னால் வரும் அதே காசைவிடப் பெரியது என்பதால்தானே.

எவ்வளவு பெரியது என்பதை ஓர் எண்ணாக்கினால் அதுதான் கழிவு வீதம். அண்ணைக்கு வங்கி 14 சதவீதத்துக்குக் கடன் தரத் தயாராக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டோம். 14 சதவீதத்தில் இன்றைய 100 ரூபாய் ஒரு வருடத்தில் 114 ஆகும். ஆகவே ஒரு வருடம் கழித்து வரும் 114 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய். முன்னோக்கிப் போகும்போது 1.14 ஆல் பெருக்குகிறோம், பின்னோக்கி வரும்போது 1.14 ஆல் வகுக்கிறோம். இரண்டு வருடம் தள்ளி வருவதை இரண்டு தரம் வகுக்க வேண்டும், மூன்று வருடமென்றால் மூன்று தரம். இவ்வளவுதான் சூத்திரம்.

சின்ன மெஷினை இப்படிப் பார்ப்போம். முதல் வருட 12 இலட்சத்தின் இன்றைய மதிப்பு 10.53. இரண்டாம் வருடத்தது 9.23. மூன்றாம் வருடத்தது 8.10. நாலாம் வருடத்தது 7.10. கூட்டினால் 34.96 இலட்சம். அதற்காக இன்று கொடுப்பது 30 இலட்சம். மிஞ்சுவது 4.96, ஏறத்தாழ 5 இலட்சம். இந்த மிச்சத்தைத்தான் தேறிய இற்றைப் பெறுமதி என்று நம் பாடப்புத்தகம் சொல்லும். கடைத்தெருவில் என்.பி.வி. என்பார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

பெரிய மெஷினுக்கு எட்டு வருடம் என்பதால் அட்டவணையாகப் போடுகிறேன். எல்லாம் இலட்சத்தில்.

| வருடம் | வரும் காசு | இன்றைய மதிப்பு |
|---|---|---|
| 1 | 16 | 14.04 |
| 2 | 16 | 12.31 |
| 3 | 16 | 10.80 |
| 4 | 16 | 9.47 |
| 5 | 16 | 8.31 |
| 6 | 16 | 7.29 |
| 7 | 16 | 6.39 |
| 8 | 16 + 6 | 5.61 + 2.10 |

வலப்பக்கத்தைக் கூட்டினால் 76.32. விலை 60 போனால் என்.பி.வி. 16.32 இலட்சம்.

அந்த 74 இலட்சம் 16 ஆகச் சுருங்கியதைப் பார்த்து அண்ணைக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் 16.32 என்றால் என்ன என்று பிடித்துக்கொண்டால் அது சின்ன எண் அல்ல. இந்த மெஷின் உழைத்துத் தரும் காசில் கடனை அடைத்து, அதற்கு 14 சதவீத வட்டியையும் கட்டி முடித்த பிறகு, இன்றைய காசில் 16.32 இலட்சம் கூடுதலாக இருக்கும் என்பதே அதன் பொருள். வட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அதனால்தான் வருடாந்தக் காசில் வட்டியை மறுபடி கழிக்கக்கூடாது. புதிதாக இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நல்ல மெஷினைக் கூட நட்டமாகக் காட்டிவிடும்.

ஒருவர் கேட்கலாம்: நாலு வருடத்தையும் எட்டு வருடத்தையும் எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்வி. சின்ன மெஷின் நாலாம் வருடம் முடிய அதே விலையில் இன்னொன்று வாங்குவதாக வைத்துப் பார்க்கலாம். அந்த இரண்டாவது மெஷினும் நாலாம் வருட முடிவில் 4.96 தரும். அதை இன்றைக்கு இழுத்து வந்தால் 2.94. இரண்டும் சேர்ந்து 7.9 இலட்சம். அப்போதும் பெரிய மெஷினின் பாதியைத்தான் எட்டுகிறது.

எக்செலில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. `B2` இல் -60 என்று இன்றைய விலையையும், `B3` முதல் `B10` வரை எட்டு வருடக் காசையும் போட்டால் (கடைசியில் 22) சூத்திரம் இப்படி வரவேண்டும்:

```
=B2+NPV(14%,B3:B10)
```

பலர் `=NPV(14%,B2:B10)` என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்தச் சூத்திரம் முதல் எண்ணையே ஒரு வருடம் தள்ளி வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் 60 இலட்சம் அடுத்த வருடம் கொடுப்பதாக ஆகிவிடும். விடை 16.3 க்குப் பதில் 14.3 என்று வரும். எல்லாமே ஒரே அளவில் சுருங்குவதால் கூட்டலா கழித்தலா என்ற அடையாளம் மாறாது. வங்கிக்காரரிடம் அந்தத் தாளை நீட்டும்போதுதான் வெட்கமாக இருக்கும்.

இனி வட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு முறைகளும் பிரிகிற முக்கியமான சந்தி அதுதான். 14 சதவீதம் என்பது கல்லில் எழுதிய எண் அல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில், வங்கிகள் தங்கள் மிக நம்பிக்கையான வாடிக்கையாளர்களிடம் வாங்கும் முதன்மை வட்டியின் சராசரியே 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சின்ன ஆலைக்காரர்களின் கதை சொல்லவே வேண்டாம்.

அதே இரண்டு மெஷின்களையும் 28 சதவீதத்தில் போட்டுப் பார்த்தோம். சின்னது 3.1 இலட்சம் நட்டம். பெரியது ஏறத்தாழ 10 இலட்சம் நட்டம். இரண்டையும் வாங்கக்கூடாது. வாங்கியே தீர வேண்டுமென்றால் சின்னதுதான் நட்டம் குறைவு. தூரத்தில் வரும் காசு அதிகமாக உள்ள மெஷின்தான் வட்டி ஏறும்போது கூடுதலாக அடிபடும். இப்போது மீட்புக் காலத்தைப் பாருங்கள்: 14 சதவீதத்திலும் 2.5, 3.75 தான். 28 சதவீதத்திலும் 2.5, 3.75 தான். நாடு எரிந்தாலும் அந்த எண்கள் அசையாது. மீட்புக் காலத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

"நான் கடனே எடுக்கேல்லை, என்ர சொந்தக் காசில வாங்கிறன் எண்டால்? அப்ப வட்டி பூச்சியம்தானே?" அண்ணை மட்டுமல்ல, எல்லோரும் இதைக் கேட்பார்கள். சொந்தக் காசும் சும்மா கிடப்பதில்லை. நிலையான வைப்பில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். வள்ளம் ஒன்றில் பங்கு போட்டிருந்தால் ஏதோ வந்திருக்கும். அந்தக் காசைக் கொம்பிரசரில் முடக்குவதால் விட்டுக்கொடுக்கும் வருமானம்தான் அதன் விலை. மெஷின் வாங்குவது வங்கி வைப்பைவிட ஆபத்தானது என்பதால், வைப்பு வட்டியைவிடச் சில புள்ளிகள் கூட்டி வைப்பது நல்லது. பூச்சியம் வைத்தால் அந்த வீங்கிய 74 இலட்சம்தான் திரும்ப வரும்.

இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. வங்கி கேட்கும் 14 சதவீதத்துக்குள் வரப்போகும் விலையேற்றமும் அடங்கியிருக்கிறது. நாங்கள் போட்ட 16 இலட்சமோ எட்டு வருடமும் அசையாமல் நிற்கிறது. ஒரு பக்கம் விலையேற்றத்தைச் சேர்த்து, மறுபக்கம் சேர்க்காமல் விட்டிருக்கிறோம். கறண்ட் விலையும் மற்றச் செலவுகளும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் மிச்சமாகும் காசும் கடைசியில் மெஷினை விற்கும் காசும் ஏறும். அப்படிப் போட்டால் பெரிய மெஷினின் என்.பி.வி. ஏறத்தாழ 33 இலட்சமாக, இரண்டு மடங்காக, எழும்பிவிடும்.

அண்ணை அந்த 33 ஐத் தாளில் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது உண்மைதான். அதற்கு அப்புறம் 2024 இல் குறைந்தது, 2025 ஜனவரியில் இன்னும் 20 சதவீதம் குறைந்தது, அதே வருட ஜூனில் 15 சதவீதம் ஏறியது. ஏறியும் இறங்கியும் ஆடும் ஒன்றுக்கு அழகாக வருடம் 5 சதவீதம் என்று கோடு கீற எனக்கு மனம் வரவில்லை. அசையாத 16 இலட்சத்தோடு என்.பி.வி. கூட்டலாக நின்றால், ஏற்றம் வந்தால் அது மேலதிக அதிர்ஷ்டம். 16 இலட்சத்தில் கழித்தலாக இருந்து, ஏற்றத்தைச் சேர்த்தால் மட்டும் கூட்டலாகிறதென்றால் அப்போதுதான் உட்கார்ந்து சண்டை போட வேண்டும்.

நான் அதிகம் பயந்தது கறண்ட் விலையைப் பற்றியல்ல, 2000 தொன்னைப் பற்றித்தான். நம் கடலில் வாடைக்காற்று கார்த்திகையில் தொடங்கினால் தை வரைக்கும் சின்ன வள்ளங்கள் கிடைதான். பங்குனிக்குப் பிறகு கடல் அமர, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து வாடி போடுவார்கள். ஐஸ் விற்பனை அந்தச் சில மாதங்களில்தான் உயிர் பெறும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தபோது வெளி எஞ்சின் வள்ளங்கள் கடலுக்குப் போகவே யோசித்தன. வள்ளம் போகாவிட்டால் ஐஸ் எதற்கு? ஐஸ் செய்யாவிட்டால் எந்த மெஷினும் கறண்ட் மிச்சம் பிடிக்காது.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். எத்தனை தொன்னுக்குக் குறைந்தால் என்.பி.வி. பூச்சியமாகும்? பெரிய மெஷினுக்கு வருடத்துக்கு 12.48 இலட்சம் மிச்சமானால் போதும், அதற்கு 1530 தொன் வேண்டும். சின்ன மெஷினுக்கு 10.3 இலட்சம், அதற்கு 1685 தொன். எனக்கே இது எதிர்பாராத விடை. காசு சீக்கிரம் திரும்புகிறது என்பதால் பாதுகாப்பானது என்று நாங்கள் நினைத்த சின்ன மெஷின்தான் விற்பனை குறையும்போது முதலில் நட்டத்துக்குப் போகிறது. ஒரு தொன்னில் அது மிச்சம் பிடிப்பது குறைவு, அதன் ஆயுளும் குறுகியது.

ஆனால் மீட்புக் காலத்தைக் குப்பையில் போடவும் முடியாது. பெரிய மெஷின் எட்டு வருடம் ஓடும் என்பது விற்கிறவரின் வாய்வார்த்தை. நாலாம் வருடமே உடைந்து, விற்கவும் முடியாமல் போனால் 13.4 இலட்சம் நட்டம். வட்டியையும் சேர்த்து மீட்புக் காலம் போட்டுப் பார்த்தோம், அதாவது அட்டவணையின் வலப்பக்க எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டி எப்போது 60 ஐத் தொடுகிறது என்று. ஐந்தாம் வருட முடிவில் 54.9, ஆறாம் வருட முடிவில் 62.2. ஆகவே ஏறத்தாழ 5.7 வருடம். சின்னதுக்கு இதே முறையில் 3.3 வருடம். இப்போது அண்ணை விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி துல்லியமாகிவிட்டது: இந்த மெஷின் உப்புக்காற்றில் ஆறு வருடம் ஓடுமா? ஆனால் அண்ணை விற்பனையாளரிடம் கேட்கவில்லை. அதே வகை மெஷினைக் கடற்கரையில் ஏழு வருடமாக ஓட்டும் இன்னொரு ஆலைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டார். கண்டென்சர் குழாய்களை ஒரு தடவை மாற்றியதாகவும் கொம்பிரசர் இன்னும் ஓடுவதாகவும் சொன்னாராம்.

கடைசியாக ஒன்று இருந்தது. என்.பி.வி. கூட்டலாக இருந்தாலும் கடன் தவணை அன்று கையில் காசு இருக்க வேண்டும். என்.பி.வி. இதைச் சொல்லாது. வங்கி முதலில் ஐந்து வருடக் கடன் என்றது. 60 இலட்சத்துக்கு 14 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம், வருடத்துக்கு 16.75 இலட்சம். மெஷின் தருவது 16. இலாபமான மெஷினை வாங்கிவிட்டு ஐந்து வருடம் ஒவ்வொரு வருடமும் முக்கால் இலட்சம் சொந்தப் பையிலிருந்து போட வேண்டிவரும். அதைவிட மோசமானது, அந்த 16 இலட்சம் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஐப்பசி வரைதான் சேரும். தவணை கார்த்திகையிலும் மார்கழியிலும் தையிலும் நிற்காது. மூன்று மாதத்துக்கு 4 இலட்சத்துக்கும் மேல்.

ஆறு வருடக் கடன் கேட்டோம். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். தவணை 1 இலட்சத்து 24 ஆயிரமாக, வருடத்துக்கு 14.8 இலட்சமாக, இறங்கியது. பெரிய மெஷினுக்கு முற்பணம் கட்டிய அன்றே, விற்பனைக் காசில் ஒரு பங்கை வாடை மாதத் தவணைகளுக்கென்று ஒதுக்கத் தனியாக ஒரு வங்கிப் புத்தகம் திறந்தோம். அதை அண்ணையின் மனைவி வைத்திருக்கிறார். அண்ணைக்குத் தொட அனுமதியில்லை.